ஆறு பேர், ஆறு போன், ஒரே வீடியோ: குழு அசைன்மென்ட்டில் வேலை பிரிப்பதும் கிளிப்புகளை ஒட்டுவதும்

ஒவ்வொரு செமஸ்டரும் எங்கள் லேபுக்கு வரும் குழுக்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். புரிவதற்கு வசதியாக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றி எட்டு நிமிட வீடியோ எடுக்க வேண்டும். குழுவில் ஆறு பேர். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, அணைக்கட்டு, சத்துவாச்சாரி என்று ஆளுக்கு ஓர் ஊர். ஆளுக்கு ஒரு போன், ஒருவரிடம் மட்டும் ஐபோன். லேப்டாப் இரண்டு பேரிடம் இருக்கிறது.

எட்டு நிமிஷம், ஆறு பேர். ஆளுக்கு கிட்டத்தட்ட ஒன்றேகால் நிமிஷம்னு பிரிச்சு, அவங்கவங்க எடுத்து அனுப்பினா கடைசியில ஒட்டிடலாம் இல்லையா?

ஒட்டலாம், ஆனால் அது ஒரு வீடியோவாக இருக்காது. ஆறு சின்ன வீடியோக்கள் வரிசையாக ஓடும். அப்படிப் பிரித்துக்கொண்ட குழுக்களின் வீடியோவில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஆறு பேரும் "வணக்கம்" சொல்லி ஆரம்பிப்பார்கள். வேலூர்க் கோட்டை எந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பதை மூன்று பேர் சொல்வார்கள். புதிய தலைப்பாகை உத்தரவுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அது நான்கு இடத்தில் வரும். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது யாருடைய ஒன்றேகால் நிமிடத்துக்குள்ளும் வரவில்லை.

பிரிக்க வேண்டியது வேலையை. ஒருவர் எழுதட்டும், ஆறு பேர் பேசுவதையும் அவரே ஒரே கையெழுத்தாக எழுதட்டும். ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி, ஒருவர் எடிட்டிங். ஐந்தாமவர் கோப்புகளுக்குப் பொறுப்பு. யார் என்ன அனுப்பினார்கள், அசல் கோப்பா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு முழு வேலை. ஆறாமவர் தகவல் சரிபார்ப்பு, அனுமதி, பழைய படங்கள் தேடுவது.

"எல்லோரும் திரையில் வர வேண்டும்" என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அதற்கும் இது தடையில்லை. எழுதி முடித்த ஸ்கிரிப்டைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று பேசட்டும். முதல் பகுதி, 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பம் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டாவது, 1805 நவம்பர் உத்தரவு: புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் தடை. மூன்றாவது, 1806 ஜூலை 10 விடியற்காலை. நான்காவது, ஆற்காட்டிலிருந்து வந்த படை. ஐந்தாவது, பிறகு நடந்தவை: திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, ஆளுநர் பெண்டிங்க்கும் படைத்தலைவர் கிரடோக்கும் திரும்ப அழைக்கப்பட்டது. ஆறாமவர் முன்னுரையும் முடிவுரையும் சொல்லலாம். ஒவ்வொரு பகுதியின் கடைசி வாக்கியமும் அடுத்த பகுதிக்குக் கதவு திறந்துவிட வேண்டும். ஒருவரே எழுதினால்தான் அது நடக்கும்.

ஸ்கிரிப்ட் எவ்வளவு நீளம் இருக்கணும்?

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் போகும். எட்டு நிமிடத்தில் கொஞ்சம் மௌனம், கோட்டையின் படங்கள், தலைப்புகள் எல்லாம் போக ஆறு நிமிடம் பேச்சு என்றால் 600 சொல் போதும். ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சத்தமாகப் படித்து ஸ்டாப்வாட்சில் பார்க்கட்டும். மனசுக்குள் படித்துப் பார்த்தால் நேரம் தப்பும்.

லேப்டாப் யார்கிட்ட இருக்கோ அவர்தான் எடிட்டரா?

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. அதில் தப்பில்லை, ஆனால் மற்ற ஐந்து பேரும் கிளிப்பை அனுப்பியதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எடிட்டருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், பேசும் பகுதியைத் தவிர. படப்பிடிப்பு நடக்கும்போதே அவர் கூட நின்று பார்ப்பது நல்லது. "இந்த இடத்தில் மதில் மட்டும் தனியாகப் பத்து வினாடி எடு, எனக்கு வேண்டும்" என்று கேட்கத் தெரிந்தவர் அவர்தான்.

இரண்டாவது லேப்டாப் வைத்திருப்பவர் கோப்புப் பொறுப்பாளராக இருக்கட்டும். எல்லாக் கிளிப்பின் நகலும் அவரிடம் இருக்க வேண்டும். எடிட்டரின் லேப்டாப் சமர்ப்பிக்கும் வாரத்தில் பழுதானால் குழு அன்றைக்கே அவர் லேப்டாப்பில் வேலையைத் தொடரலாம்.

ஆறு போனும் வேற வேற. எல்லாரும் ஒரே மாதிரி எடுக்க முடியுமா?

போன் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, அமைப்பு ஒரே மாதிரி இருந்தால் போதும். படப்பிடிப்புக்கு முன்பே இதைப் பேசி வாட்ஸ்அப் குழுவில் பின் செய்துவிடுங்கள்: போனைப் படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டும், தீர்மானம் 1080p, வினாடிக்கு 30 ஃப்ரேம், எச்டிஆர் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அழகுபடுத்தும் ஃபில்டர் எதுவும் கூடாது.

ஒருவர் போனில் 4K வரும், 60 ஃப்ரேம் வரும் என்று ஆசைப்படுவார். வேண்டாம். குழுவிலேயே சாதாரணமான போன் எதைத் தருமோ அதுதான் எல்லோருக்கும் அளவு. இன்று எந்தப் போனும் 1080p-இல் 30 ஃப்ரேம் எடுக்கும், அதனால்தான் அந்த எண்.

ஐபோன் வைத்திருப்பவர் இன்னும் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். அமைப்புகளில் Camera என்பதற்குள் போய் Formats என்பதில் Most Compatible தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் Record Video என்பதில் HDR Video-வை அணைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சாதாரண லேப்டாப்பில் அந்தக் கிளிப் திக்கித்திக்கி ஓடும். மற்றவர்களின் கிளிப்புக்கு நடுவே வைத்தால் அவர் முகம் மட்டும் வெளுத்துத் தெரியும், கோட்டைக்கு மேலே வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

வகுப்பறையில் டியூப்லைட்டுக்குக் கீழே எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கின் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். திரையில் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலும் கீழும் நகரும். போனில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை போய்விடும். ப்ரோ மோட் இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகம் காட்டி உட்காருங்கள். அந்தப் பட்டையை எடிட்டிங்கில் சுத்தமாக நீக்குவது கடினம்.

எல்லா கிளிப்பும் வந்தப்புறம்தானே ஒட்டணும்? அதுக்குள்ள எடிட்டருக்கு என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒட்டும் வேலையை முதல் நாளே செய்து பார்க்க வேண்டும்.

வேலை பிரித்த அன்று மாலையே ஒவ்வொருவரும் தன் போனில், பேசிய அமைப்பில், பத்து வினாடி கிளிப் ஒன்று எடுக்கட்டும். தன் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும். அதை உண்மையான கிளிப்பை எப்படி அனுப்பப் போகிறார்களோ அதே வழியில் அனுப்பட்டும். எடிட்டர் ஆறையும் வரிசையாக வைத்து ஒரு நிமிட வீடியோவாக ஏற்றுமதி செய்து, எல்லோருக்கும் போட்டுக் காட்டட்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். நம் உதாரணக் குழுவில் அப்படிப் பார்த்தபோது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: குடியாத்தத்துக் கிளிப் நெட்டுக்குத்தாக இருக்கிறது. ஆம்பூர் ஐபோன் வெளுத்திருக்கிறது. காட்பாடிக் கிளிப்பில் பின்னால் ரயில் ஹாரன். ஆற்காட்டுக் கிளிப் மங்கலாக இருக்கிறது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டார். அணைக்கட்டுக்காரரின் குரல் மற்றவர்களின் குரலில் பாதிதான் கேட்கிறது. ஐந்து சிக்கலும் பத்து வினாடிக் கிளிப்பில் வந்தவை, அன்றைக்கே சரிசெய்யலாம். இதையே சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு கண்டுபிடித்தால் ஐந்து பேரும் மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு நேரம் இருக்காது.

கிளிப்பை எப்படி அனுப்பறது? வாட்ஸ்அப்ல அனுப்பினா தரம் போயிடுதே.

வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். இணைப்புக் குறியைத் தொட்டு Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், 2 ஜிபி வரை.

வந்தது அசலா, சுருங்கியதா என்று கோப்புப் பொறுப்பாளர் இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கலாம். ஒன்று, அளவு. 1080p-இல் எடுத்த ஒரு நிமிடம் பெரும்பாலான போன்களில் 100 எம்பிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். பத்து எம்பிக்கு வந்திருந்தால் வழியில் எங்கோ சுருங்கியிருக்கிறது. இன்னொன்று, பெயர். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழியாகச் சேமித்த வீடியோவின் பெயர் `VID-20250110-WA0003.mp4` என்கிற மாதிரி இருக்கும். நடுவில் அந்த `WA` இருந்தால் அனுப்பியவரிடம் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

கூகுள் டிரைவ் ஃபோல்டர் ஒன்று திறந்து எல்லோரையும் அதில் ஏற்றச் சொல்வது இன்னும் ஒழுங்கான வழி. இலவசமாக 15 ஜிபி தருகிறார்கள், ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்ந்து அந்தக் கணக்கில்தான். அவரவர் ஏற்றுவது அவரவர் கணக்கில் கழியும், அதனால் ஒருவருக்கு மட்டும் "இடமில்லை" என்று வரலாம். தினமும் வகுப்பில் பார்த்துக்கொள்கிறவர்கள் என்றால் ஓடிஜி பென்டிரைவ் ஒன்றே போதும், டேட்டாவும் செலவாகாது.

பெயரிடும் முறையை ஒருவர் முடிவு செய்யட்டும், எல்லோரும் அதையே பின்பற்றட்டும். நான் சொல்வது இது: `S03_KPD_T02.mp4`. மூன்றாவது பகுதி, காட்பாடிக்காரர், இரண்டாவது டேக். இடைவெளியும் தமிழ் எழுத்தும் கோப்புப் பெயரில் வேண்டாம், சில மென்பொருள்கள் திணறும். எடிட்டர் வேலையைத் தொடங்கிய பிறகு யாரும் பெயரை மாற்றக் கூடாது, ஃபோல்டரை நகர்த்தவும் கூடாது. மாற்றினால் டைம்லைனில் கிளிப் காணாமல் போய்ச் சிவப்புப் பெட்டியோ கறுப்புத் திரையோ வந்து நிற்கும்.

முதல்ல உதடும் குரலும் சரியா இருக்கு. போகப் போக குரல் தனியா போகுது. போன்ல பார்த்தா சரியாத்தான் இருக்கு. ஏன்?

போன் "30" என்று சொன்னாலும் எப்போதும் சரியாக 30 ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், பிறகு ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த நேரத்துக்கு என்று கோப்புக்குள் எழுதியிருப்பதால் போனில் பார்க்கும்போது சரியாகவே ஓடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் பார்க்காமல், எல்லா ஃப்ரேமையும் சீராக 30 என்று அடுக்கிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வகுப்பறையில் எடுத்த ஒரு கிளிப்பின் சராசரி 29.8 ஃப்ரேம் என்று வைப்போம். ஒரு நிமிடத்தில் 1788 ஃப்ரேம். அதை 30 வீதம் ஓட்டினால் 59.6 வினாடியில் படம் முடிந்துவிடும், குரல் 60 வினாடி ஓடும். நிமிடத்துக்கு 0.4 வினாடி. மூன்று நிமிடம் நிறுத்தாமல் எடுத்த கிளிப்பில் கடைசியில் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம். வாய் மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். கிளிப்பின் தொடக்கத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் குரலை அந்த அளவு நகர்த்தினால் முடிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால் மேலே சொன்ன ஃப்ரேம் சிக்கல்தான், அதை நகர்த்தித் தீர்க்க முடியாது.

டைம்லைனில் வைப்பதற்கு முன்பே கிளிப்பை மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் Video தாவலில் Framerate என்பதை 30 என்று வைத்து, Constant Framerate தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஷாட்கட் என்கிற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கிளிப்பைத் திறக்கும்போதே மாற்றித் தரட்டுமா என்று அதுவே கேட்கும். "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

டாவின்சி ரிசால்வ் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்கவும். கிளிப்புகளை உள்ளே இழுப்பதற்கு முன்பே ப்ராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை 30 ஆக்கிவிடுங்கள். அது வழக்கமாக 24-இல் இருக்கும், வேலை தொடங்கிய பிறகு மாற்ற விடாது.

ஒருத்தர் மட்டும் போனை நிக்க வெச்சு எடுத்துட்டாரு. திரும்ப எடுக்க நேரமில்ல.

பக்கவாட்டில் கறுப்பாக விட்டுவிட்டால் அவர் மட்டும் தனியாகத் தெரிவார். பெரிதாக்கித் திரையை நிரப்பினால் நெற்றியும் தாடையும் போய்விடும், தெளிவும் குறையும். நான் பரிந்துரைப்பது, முகத்தை ஐந்து வினாடி காட்டிவிட்டு, மீதிப் பேச்சுக்கு மேலே கோட்டைப் படங்களை ஓடவிடுவது. குரல் அவருடையதுதான், அவருடைய பங்கும் குறையவில்லை. இதற்காகத்தான் பேச்சில்லாத படங்கள் நிறைய வேண்டும் என்று சொல்கிறேன். அகழி, மதில், நுழைவாயில், மக்கான் பகுதியில் உள்ள நினைவுத்தூண், அருங்காட்சியகத்தின் வெளிப்புறம் என்று ஒவ்வொன்றும் ஆடாமல் பத்து வினாடி.

குரல் ஆறு பேருக்கும் ஆறு மாதிரி கேக்குது. ஒட்டினா ரொம்ப அசிங்கமா தெரியுது.

படத்தில் இருக்கிற குறையைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலியில் இருக்கிற குறையைப் பொறுக்க மாட்டார்கள். ஒலிப் பொறுப்பாளர் என்று ஒருவரைத் தனியாக வைக்கச் சொல்வது அதனால்தான்.

மைக் வாங்க வேண்டாம். பேசுகிறவரின் சட்டைப்பையில், அல்லது கேமராவுக்குத் தெரியாமல் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டாவது போனை வைத்து வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். இரண்டு போனும் ஓட ஆரம்பித்ததும் கேமராவுக்கு முன்னால் ஒரு தரம் கையைத் தட்டுங்கள். எடிட்டர் கைகள் சேரும் ஃப்ரேமையும், ஒலி அலையில் கூராக எழும் இடத்தையும் நேர் வைத்தால் குரல் பொருந்திவிடும். பிறகு கேமரா போனின் ஒலியை அணைத்துவிடலாம்.

ஃபேனை நிறுத்துங்கள். வேலூர் வெயிலில் இது கொடுமை என்று எனக்குத் தெரியும். ஒரு டேக் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், பேசும்போது மட்டும் வேண்டாம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர் ஹாரன் கேட்டால் வாக்கியத்தை நிறுத்திவிட்டு, வண்டி முழுசாகப் போன பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லட்டும். பாதியிலிருந்து தொடர்ந்தால் வெட்டிய இடம் கேட்கும்.

இன்னொன்று, பெரும்பாலோர் செய்யாதது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். அமைதி என்று நாம் நினைப்பது உண்மையில் அமைதி இல்லை, தெருச் சத்தமும் காற்றும் அதில் இருக்கும். ஒருவருடைய பேச்சு முடிந்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் அந்த ஒலி சட்டென்று நின்றால்தான் ஒட்டு தெரிகிறது. அந்த அரை நிமிடத்தை அடியில் ஓடவிட்டு மெதுவாகக் குறைத்தால் தெரியாது.

குரலின் அளவைச் சமமாக்க ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் Loudness Normalization என்று இருக்கிறது. ஆறு குரலுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள், -16 LUFS போதும். பிறகு காதால் கேட்டுச் சரிபாருங்கள். பின்னணி இசை போடுவதென்றால் இதற்கப்புறம்தான்.

டைம்லைன்ல எதை முதல்ல வைக்கணும்?

குரலை. ஆறு பேரின் பேச்சையும் வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேளுங்கள். கதை புரிகிறதா, ஒரே விஷயம் இரண்டு முறை வருகிறதா, எங்கே சலிக்கிறது என்று குழு முழுக்க உட்கார்ந்து பேசி வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். இது முடிந்த பிறகுதான் படங்கள். படங்களை முதலில் அழகாக அடுக்கிவிட்டால் அப்புறம் ஒரு வாக்கியத்தை வெட்டக்கூட மனசு வராது.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் இடத்தில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஆற்காட்டுக்காரர் பேசப்போகிறார் என்றால், அவர் குரல் அரை வினாடி முன்னதாகத் தொடங்கட்டும். அப்போது திரையில் முந்தையவரோ கோட்டைவாசலோ இருக்கலாம். குரல் வந்த பிறகு முகம் வரட்டும். பேச்சு தொடர்ந்து ஓடுவது மாதிரி இருக்கும். சுழல்வது, பறப்பது, பக்கம் புரள்வது போன்ற எஃபெக்ட்டுகளைவிட இது பல மடங்கு நன்றாக மறைக்கும்.

இதற்கு ஒவ்வொருவரும் பதிவை அழுத்திய பிறகு மூன்று வினாடி பேசாமல் இருந்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும், முடித்த பிறகும் மூன்று வினாடி அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டே கை போனை நோக்கிப் போகிற கிளிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எங்க லேப்டாப்ல எடிட்டிங் சாஃப்ட்வேரே ஓட மாட்டேங்குது. வெறுமனே சேர்த்தா போதும்.

அப்படியென்றால் எஃப்எஃப்எம்பெக் என்கிற இலவச நிரல் போதும். இரண்டு படி. முதலில் ஒவ்வொரு கிளிப்பையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவர வேண்டும்:

```
ffmpeg -i S01_AMB_T01.mp4 -vf "scale=1920:1080:force_original_aspect_ratio=decrease,pad=1920:1080:(ow-iw)/2:(oh-ih)/2,setsar=1,fps=30" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -ar 48000 -ac 2 01.mp4
```

இதில் `fps=30` தான் முன்பு சொன்ன உதடு விலகும் சிக்கலுக்கும் மருந்து. எல்லாக் கிளிப்புக்கும் இதையே செய்து வரிசைப்படி 01, 02 என்று பெயர் வையுங்கள். பிறகு `list.txt` என்று ஒரு கோப்பில் வரிசையை எழுதுங்கள்:

```
file '01.mp4'
file '02.mp4'
file '03.mp4'
```

இப்படியே கடைசிக் கிளிப் வரை. கடைசியாக:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy final.mp4
```

முதல் படியைத் தாண்டிவிட்டு நேராக இரண்டாவதைச் செய்கிறவர்கள் உண்டு. அசல் கிளிப்புகளின் ஃப்ரேம் அளவோ ஒலியின் வேகமோ வேறு வேறாக இருந்தால், முதல் கிளிப் சரியாக ஓடி, அடுத்ததில் படம் உறையும், அல்லது குரல் கீச்சென்று மாறும். அப்படி ஏதாவது தெரிந்தால் எந்தக் கிளிப் முதல் படியைத் தாண்டாமல் உள்ளே வந்தது என்று பாருங்கள். ஒலியே இல்லாத கிளிப்பையும் பட்டியலில் சேர்க்காதீர்கள், அதற்குப் பின்னால் வருபவற்றின் ஒலி இடம் மாறிவிடும்.

கோட்டைல ஷூட் பண்ண அனுமதி வேணுமா?

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போனைக் கையில் வைத்து எடுப்பதற்கும், முக்காலி நிறுத்தி, ஆட்களை நிற்கவைத்துப் படப்பிடிப்பு மாதிரி நடத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு முன் அனுமதி தேவை. கல்லூரியின் கடிதத்தோடு முன்கூட்டியே அங்குள்ள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் எடுப்பதென்றால் கோயிலில் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆறு பேரும் ஒரே காலையில் போங்கள், ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள். தனித்தனி நாளில் போனால் ஒருவர் முகம் காலை வெளிச்சத்தில் பொன்னிறமாகவும், இன்னொருவர் முகம் உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழலாகவும் இருக்கும். நிறத்தை எடிட்டிங்கில் ஓரளவு மாற்றலாம், நிழல் விழுந்த பக்கத்தை மாற்ற முடியாது.

ஒருத்தர் கிளிப் தரவே மாட்டேங்கறாரு. என்ன செய்யறது?

காத்திருக்காதீர்கள். அந்த இடத்தில் கறுப்புத் திரையில் "பகுதி 4, ஆற்காட்டிலிருந்து வந்த படை, 1 நிமிடம் 10 வினாடி" என்று எழுதிய அட்டையை வைத்து மீதியை முடித்துவிடுங்கள். அந்த வீடியோவைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்புங்கள். பத்து முறை "அனுப்புப்பா" என்று கேட்பதைவிட, தன் இடம் காலியாக ஓடுவதை ஒரு முறை பார்ப்பது வேலை செய்கிறது.

அவரிடம் தனியாகப் பேசியும் பாருங்கள். பல நேரம் சோம்பேறித்தனம் இல்லை, போனில் இடம் இல்லாமல் இருக்கும், அல்லது கேமரா முன்னால் பேசக் கூச்சமாக இருக்கும். கூச்சம் என்றால் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், மேலே கோட்டைப் படங்களை ஓட்டிக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்புவரை வராவிட்டால், எழுதியவரே அந்தப் பகுதியைப் பேசட்டும். யார் எதைச் செய்தார்கள் என்பதைக் கடைசி டைட்டிலில் உள்ளபடி போடுங்கள். டிரைவில் கிளிப்புகள் ஏறிய தேதி அப்படியே இருக்கும், ஆசிரியர் கேட்டால் அதைக் காட்டலாம்.

முடிஞ்சது, ஏற்றுமதியும் பண்ணியாச்சு. அப்படியே அனுப்பிடலாமா?

ஏற்றுமதி செய்த கோப்பை, எடிட்டிங் மென்பொருளில் இல்லாமல் வெளியே, முதல் வினாடியிலிருந்து கடைசி வரை எடிட்டர் அல்லாத இருவர் பார்க்கட்டும். ஒருவர் லேப்டாப்பில் ஹெட்போன் போட்டு, இன்னொருவர் முடிந்தால் வகுப்பறை ப்ரொஜெக்டரில். இலவசச் செயலியின் வாட்டர்மார்க் மூலையில் நிற்கிறதா, தமிழ் எழுத்துத் தலைப்புகளில் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கிறதா, ஏதாவது ஒரு குரல் ஒரு காதில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு காதில் மட்டும் வருவது ஹெட்போனில் உடனே தெரியும், போன் ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது. அந்தக் கிளிப்பின் ஒலியை மட்டும் மோனோவாக மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்தால் சரியாகிவிடும்.